டெபுடேஷனில் இன்னொரு குழும நிறுவனத்துக்குப் போகிறீர்களா? யாருடைய விதி, யாருடைய பொறுப்பு என்று கிளம்பும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்

"அடுத்த மாதத்திலிருந்து நம்ம குரூப்பில் இருக்கிற இன்னொரு கம்பெனியில் ஒன்பது மாதம் வேலை. சம்பளம் இங்கேயிருந்தே வரும், வேற எதுவும் மாறாது." மேலாளர் இப்படிச் சொல்லும்போது பெரும்பாலும் நல்ல மனதோடுதான் சொல்கிறார், அவருக்கும் அவ்வளவுதான் தெரியும். ஆனால் மாறும். வேலை நேரம் மாறும், லீவு கேட்க வேண்டிய ஆள் மாறுவார், கையில் அடிபட்டால் யாரிடம் போவது என்பது மாறும். எது மாறுகிறது, எது மாறாமல் இருக்கிறது என்பதைக் கிளம்பும் முன்பே பிரித்துப் பார்த்துவிட்டால் பாதிப் பிரச்சினை வராது. பல வருடங்கள் எச்.ஆர். பக்கம் உட்கார்ந்து இந்தக் கடிதங்களைத் தயாரித்தவன் என்பதால், போகிறவர் பக்கமிருந்து எதைப் பார்க்க வேண்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் இரண்டு பெயர்கள். உங்களை வேலைக்கு எடுத்து, இப்போது அனுப்புகிற நிறுவனத்தை 'அனுப்பும் நிறுவனம்' என்றும், நீங்கள் போய் வேலை செய்யப்போகும் நிறுவனத்தை 'ஏற்கும் நிறுவனம்' என்றும் சொல்கிறேன். பேச்சில் பலர் அனுப்பும் நிறுவனத்தைத் 'தாய் நிறுவனம்' என்கிறார்கள். அது குழப்பும். குழுமத்தின் பங்குகளை வைத்திருக்கும் தாய் நிறுவனம் மூன்றாவதாக எங்கோ இருக்கலாம், அதற்கும் உங்கள் ஒப்பந்தத்துக்கும் சம்பந்தமே இருக்காது. ஒரே லோகோ, ஒரே மெயில் முகவரி, ஒரே கேன்டீன் என்றாலும் சட்டத்தின் கண்ணில் ஒவ்வொரு கம்பெனியும் தனித்தனி ஆள். இனி வரும் எல்லாக் கேள்விகளுக்கும் காரணம் இதுதான்.

முதல் வேலை: இது டெபுடேஷனா, வேலை மாற்றமா என்று பாருங்கள்

டெபுடேஷன் என்றால் உங்கள் பழைய ஒப்பந்தம் உயிரோடு இருக்கிறது, உங்கள் உழைப்பு மட்டும் கொஞ்ச காலம் வேறு இடத்துக்குப் போகிறது. வேலை மாற்றம் என்றால் பழைய ஒப்பந்தம் முடிந்து புதியது தொடங்குகிறது. வாயால் 'டெபுடேஷன்' என்று சொல்லிவிட்டு, கையெழுத்துக்கு வரும் காகிதக் கட்டில் ஒரு ராஜினாமா கடிதத்தையும் சேர்த்து வைத்திருப்பார்கள். "சிஸ்டத்தில் பெயர் மாற்றுவதற்காகத்தான்" என்பார்கள். அந்த ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் இத்தனை வருட சேவைக் காலம், திரும்பி வரும் உரிமை எல்லாம் கேள்விக்குறியாகிவிடும். கட்டில் ராஜினாமா கடிதம் இருந்தால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள்.

உங்கள் சம்மதம் இல்லாமல் உங்கள் முதலாளியை மாற்ற முடியாது என்பது பழைய, உறுதியான கொள்கை. பிரிட்டனில் 1940இல் ஒரு சுரங்கத் தொழிலாளியின் வழக்கில், அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை இதைச் சொன்னது: இரண்டு நிலக்கரிக் கம்பெனிகள் இணைந்துவிட்டன என்பதற்காக, தொழிலாளியின் ஒப்பந்தம் அவருக்குத் தெரியாமலே புதிய கம்பெனியின் கைக்குப் போய்விடாது. தொழிலோடு சேர்ந்து தொழிலாளர்களும் புதிய முதலாளியிடம் போக வேண்டும் என்று பிற்பாடு பல நாடுகள் தனிச்சட்டம் போட்டிருக்கின்றன, ஆனால் அது தொழிலே கைமாறும்போது பொருந்துவது. ஒரு தனி ஆளைக் கடிதம் கொடுத்து அனுப்பும் நம் விஷயத்துக்கு அடிப்படை உங்கள் சம்மதம்தான். ஜப்பானியர்கள் இந்த இரண்டுக்கும் தனித்தனிச் சொல்லே வைத்திருக்கிறார்கள்: பழைய கம்பெனியில் பெயர் இருக்கப் போய்வருவது 'ஷுக்கோ', பெயரையே மாற்றிக்கொண்டு போவது 'தென்செகி'. அங்கே ஷுக்கோ மிகச் சாதாரணம், இருந்தும் தேவையோ நியாயமோ இல்லாமல் போடும் ஷுக்கோ உத்தரவு செல்லாது என்று அவர்களுடைய தொழிலாளர் ஒப்பந்தச் சட்டத்தின் 14ஆம் பிரிவு சொல்கிறது.

அப்புறம் உங்கள் பழைய நியமன உத்தரவை எடுத்துப் பாருங்கள். "குழுமத்தின் எந்த நிறுவனத்துக்கும் தற்காலிகமாக அனுப்பப்படலாம்" என்று ஒரு வரி இருந்தால், சேரும்போதே ஒரு பொதுச் சம்மதம் கொடுத்திருக்கிறீர்கள். அப்போது போக மறுப்பது கஷ்டம், ஆனால் நிபந்தனைகளைப் பேச இடம் இருக்கிறது. அந்த வரி இல்லையென்றால் இந்த டெபுடேஷனுக்கு உங்கள் கையெழுத்து தேவை, அதாவது பேரம் பேசும் பலம் உங்களிடம் இருக்கிறது.

இரண்டாவது: எத்தனை காகிதம் இருக்கிறது என்று கேளுங்கள்

ஒழுங்காக நடக்கும் இடத்தில் இரண்டு காகிதம் இருக்கும். ஒன்று, உங்களுக்குத் தரும் டெபுடேஷன் கடிதம். இன்னொன்று, இரண்டு கம்பெனிகளும் தங்களுக்குள் போட்டுக்கொள்ளும் ஒப்பந்தம். சம்பளச் செலவை யார் யாருக்குத் திருப்பித் தருவது, உங்களால் ஏதாவது நஷ்டம் வந்தால் யார் தாங்குவது என்பதெல்லாம் இரண்டாவதில் இருக்கும். அதை முழுதாகக் காட்ட மாட்டார்கள், அதில் வியாபார விவரம் இருக்கும் என்பதால் அது நியாயமும்கூட. ஆனால் "என்னைப் பாதிக்கும் பிரிவுகளை மட்டும் எழுத்தில் கொடுங்கள்" என்று கேட்கலாம், கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள். அந்த ஒப்பந்தத்தில் நீங்கள் கையெழுத்திடவில்லை என்பதால் அது உங்கள் உரிமையைக் குறைக்க முடியாது, இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே திரும்பவும் வரும்.

மூன்றாவது: ஒவ்வொரு விதியும் யாருடையது என்று பிரியுங்கள்

எனக்குக் கைகொடுத்த வழி ஒன்று உண்டு. ஒரு விதி உங்கள் *ஒப்பந்தத்தோடு* ஒட்டியதா, நீங்கள் நிற்கும் *இடத்தோடு* ஒட்டியதா என்று கேளுங்கள். சம்பளம், லீவு நாட்களின் எண்ணிக்கை, சேவைக் காலம், ஓய்வூதியம், நோட்டீஸ் காலம், வேலையை விட்டு நீக்கும் அதிகாரம் எல்லாம் ஒப்பந்தத்தோடு ஒட்டியவை, அதனால் அனுப்பும் நிறுவனத்தின் விதிதான். ஷிஃப்ட் நேரம், உள்ளே வரப் போக அனுமதி, தலைக்கவசம், கணினியில் எதைத் திறக்கலாம், புகைப்படம் எடுக்கலாமா என்பவை இடத்தோடு ஒட்டியவை, ஏற்கும் நிறுவனத்தின் விதி. பெரும்பாலான விஷயங்கள் இப்படிச் சுலபமாகப் பிரிந்துவிடும். தொல்லை தருவது இரண்டு பக்கமும் கால் வைத்திருக்கும் விஷயங்கள்.

அதில் முக்கியமானது வேலை நேரம். ஒரு உதாரணத்தைக் கணக்கோடு பார்ப்போம். இயந்திரப் பராமரிப்பில் இருக்கும் ஒரு டெக்னீஷியன், ஒன்பது மாதத்துக்கு, அதாவது 39 வாரத்துக்கு, குழுமத்தின் இன்னொரு தொழிற்சாலைக்குப் போகிறார். சொந்த நிறுவனத்தில் அவருக்கு வாரம் 40 மணி நேரம், போகிற இடத்தில் ஷிஃப்ட் 45 மணி நேரம். கடிதத்தில் இரண்டு வரி இருக்கிறது: "சம்பளம் தற்போதுள்ளபடியே தொடரும்." "வேலை நேரம் ஏற்கும் நிறுவனத்தின் நடைமுறைப்படி." தனித்தனியாகப் படித்தால் இரண்டுமே நியாயமாகத் தெரியும். சேர்த்துப் படித்தால் வாரத்துக்கு 5 மணி, 39 வாரத்துக்கு 195 மணி நேரம் கூடுதல் வேலை, அதற்குத் தனிச் சம்பளம் கிடையாது. அவருடைய பழைய கணக்கில் அது கிட்டத்தட்ட ஐந்து வார உழைப்பு. மணிக்கு இவ்வளவு என்று பார்த்தால் சம்பளம் ஒன்பதில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. யாரும் அவரை ஏமாற்ற நினைக்கவில்லை, ஒரு வரியை ஒருவர் எழுதினார், இன்னொரு வரியை இன்னொருவர் எழுதினார், இரண்டையும் சேர்த்து யாரும் பார்க்கவில்லை.

இதற்கு என்ன கேட்பது? "வாரம் 40 மணிக்கு மேல் செய்யும் வேலைக்கு அனுப்பும் நிறுவனத்தின் ஓவர்டைம் விதிப்படி சம்பளம் தரப்படும், நேரக் கணக்கை ஏற்கும் நிறுவனம் மாதந்தோறும் அனுப்பும்." இந்த ஒரு வாக்கியம் போதும். பின்பாதியை விட்டுவிடாதீர்கள். நேரத்தைப் பதிவு செய்கிற கம்பெனி ஒன்று, சம்பளம் போடுகிற கம்பெனி இன்னொன்று என்பதால், கணக்கு அனுப்பப்படாமல் ஓவர்டைம் தொலைந்துபோன கதைதான் நான் அதிகம் பார்த்தது.

லீவும் இதே மாதிரிதான். நாட்களின் எண்ணிக்கை அனுப்பும் நிறுவனத்தின் விதி, எந்த நாளில் எடுக்கலாம் என்று சொல்வது ஏற்கும் நிறுவனத்தின் மேலாளர். நம் டெக்னீஷியனுக்கு வருடத்துக்கு 24 நாள் லீவு என்றால் ஒன்பது மாதத்துக்கு 18 நாள். போன இடத்தில் பராமரிப்புக்காக ஒரு வாரம் ஆலையை மூடினார்கள், எல்லோருக்கும் கட்டாய லீவு. அந்த 5 நாள் அவருடைய 18இல் கழியுமா? அங்கே இருக்கும் ஊழியர்களுக்குக் கழியும், அது அவர்களுடைய ஒப்பந்தம். இவருடைய ஒப்பந்தத்தில் கட்டாய லீவு என்ற ஒன்றே இல்லை. கடிதத்தில் எழுதாமல் விட்டால் இது மனஸ்தாபமாகத்தான் முடியும்.

நான்காவது: அடிபட்டால், அல்லது உங்களால் யாருக்காவது அடிபட்டால்

இதைத்தான் எல்லோரும் 'அப்படியெல்லாம் ஆகாது' என்று தாண்டிப் போகிறார்கள். கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் நீங்கள் அடிபடுவது. நம் டெக்னீஷியனிடம் ஏற்கும் நிறுவனத்தின் சூப்பர்வைசர், "ஓடிக்கொண்டிருக்கும்போதே பெல்ட்டைச் சரி பண்ணு, நிறுத்தினால் உற்பத்தி போய்விடும்" என்கிறார். பாதுகாப்பு மூடி ஏற்கெனவே கழற்றப்பட்டிருக்கிறது. விரல் மாட்டிக்கொள்கிறது. அந்த இடமும் இயந்திரமும் கட்டளையும் ஏற்கும் நிறுவனத்துடையவை, அதனால் பாதுகாப்பான இடத்தைத் தரும் கடமை அதற்கு இருக்கிறது. அதற்காக அனுப்பும் நிறுவனம் கைகழுவிவிட முடியாது. முதலாளி என்ற முறையில், தன் ஊழியரை எப்படிப்பட்ட இடத்துக்கு அனுப்புகிறோம் என்று பார்க்கும் கடமை அதற்கும் உண்டு. பல நாடுகளில் விபத்து இழப்பீட்டுக் காப்பீடு முதலாளியின் பெயரில்தான் இருக்கும், அதாவது அனுப்பும் நிறுவனத்தின் பெயரில். அந்தக் காப்பீட்டில் 'வேலையிடம்' என்று பழைய முகவரி மட்டும் எழுதியிருந்தால், காப்பீட்டு நிறுவனம் அதைக் காட்டி மறுக்கப் பார்க்கும். ஆகவே கிளம்பும் முன் கேட்க வேண்டியது: புது இடத்தைக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்துவிட்டீர்களா? அதன் உறுதிக் கடிதத்தின் நகல் கிடைக்குமா?

அடிபட்டுவிட்டால், அன்றைக்கே இரண்டு இடத்திலும் எழுத்தில் பதிவு செய்யுங்கள். அங்கே விபத்துப் பதிவேட்டில் எழுத வையுங்கள், இங்கே எச்.ஆருக்கு மெயில் அனுப்புங்கள். யார் கட்டளையிட்டார், மூடி இருந்ததா இல்லையா, யார் பக்கத்தில் நின்றார் என்று மூன்றே வரி போதும். ஒரு கம்பெனி இன்னொன்றைக் கைகாட்டும்போது உங்கள் கையில் இருப்பது அந்த மெயில்தான்.

இனி உங்கள் கவனக்குறைவால் இன்னொருவருக்கு நஷ்டம் வருவது. ஊழியர் வேலையின் போக்கில் செய்த தவறுக்கு முதலாளி பொறுப்பு என்பது பல நாடுகளில் உள்ள பொதுவிதி. இரண்டு கம்பெனி இருக்கும்போது எந்த முதலாளி? இதற்கு இன்றும் எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பு 1946இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை சொன்னது. லிவர்பூல் துறைமுக வாரியம் ஒரு கிரேனை அதன் ஓட்டுநரோடு ஒரு சரக்கேற்றும் கம்பெனிக்கு வாடகைக்குக் கொடுத்திருந்தது. ஓட்டுநர் வாடகைக்கு எடுத்தவரின் ஊழியராகக் கருதப்படுவார் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. கிரேன் ஒருவரை இடித்துக் காயப்படுத்தியது. எந்தச் சரக்கைத் தூக்குவது என்று சொன்னது சரக்கேற்றும் கம்பெனி, ஆனால் கிரேனை எப்படி இயக்குவது என்று அவர்கள் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. நான் யாரிடமும் உத்தரவு வாங்குவதில்லை என்று அந்த ஓட்டுநரே சாட்சி சொன்னார். பொறுப்பு துறைமுக வாரியத்துடையதுதான் என்று தீர்ப்பானது.

இதில் இரண்டு விஷயம் இருக்கிறது. 'என்ன செய்' என்று சொல்கிறவரைவிட 'எப்படிச் செய்' என்று சொல்லும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதைத்தான் நீதிமன்றம் முக்கியமாகப் பார்த்தது. அப்புறம், இரண்டு கம்பெனிகள் தங்களுக்குள் எழுதிக்கொண்ட வரி அடிபட்டவரின் உரிமையைத் தீர்மானிக்கவில்லை. அந்த வரி கம்பெனிகளுக்குள் பணத்தை யார் யாருக்குத் தருவது என்பதற்குத்தான் உதவும்.

2005இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் இன்னொரு படி போனது. ஒரு தொழிற்சாலையில் காற்றுக்குழாய் பொருத்தும் வேலை. ஒரு உதவியாளர் கவனமில்லாமல் ஊர்ந்து போனதில் தீயணைப்புத் தண்ணீர்க் குழாய் உடைந்து வெள்ளம். அவரை அனுப்பிய கம்பெனியின் ஆளும் அங்கே மேற்பார்வையில் இருந்தார், எடுத்துக்கொண்ட கம்பெனியின் ஆளும் இருந்தார். இருவருக்குமே அவரைத் தடுத்து நிறுத்தும் உரிமை இருந்ததால் இரண்டு கம்பெனியும் பொறுப்பு, ஆளுக்குப் பாதி என்று சொல்லிவிட்டது. உங்கள் நாட்டுச் சட்டம் வேறாக இருக்கலாம், ஆனால் 'கட்டுப்பாடு யாரிடம்' என்ற கேள்வி ஏறக்குறைய எல்லா இடத்திலும் வரும்.

உங்களுக்கு இதில் என்ன? முதலாளி பொறுப்பு என்றாலும் தவறு செய்தவர் என்ற முறையில் நீங்களும் சேர்ந்து பொறுப்பாகலாம். அதனால் "ஏற்கும் நிறுவனத்தின் அறிவுறுத்தலின்படி நல்லெண்ணத்தோடு செய்த வேலையால் வரும் எந்தக் கோரிக்கையிலிருந்தும் ஊழியரை இரு நிறுவனங்களும் பாதுகாக்கும்" என்று ஒரு வரி கேளுங்கள். முக்கியமாக, அங்கே இயக்குநர், கணக்குக்குக் கையெழுத்திடுபவர், பாதுகாப்பு அதிகாரி மாதிரியான பதவியில் உங்கள் பெயரைப் போடப்போகிறார்கள் என்றால், இந்த வரி இல்லாமல் போகாதீர்கள். அந்தப் பதவிகளுக்குச் சட்டம் நேரடியாக உங்கள் தலையில் கடமை வைக்கும்.

ஐந்தாவது: ஒழுங்கு நடவடிக்கை

ஏற்கும் நிறுவனத்தின் மேலாளர் உங்களை வேலையை விட்டு நீக்க முடியாது, அவரிடம் உங்கள் ஒப்பந்தம் இல்லை. சம்பளத்தைப் பிடிக்கவும் முடியாது. அவரால் முடிந்தது டெபுடேஷனை முடித்து உங்களைத் திருப்பி அனுப்புவது, அதோடு நடந்ததை எழுதி அனுப்புவது. விசாரணையும் முடிவும் அனுப்பும் நிறுவனத்தின் ஒழுங்கு விதிப்படி அங்கேதான் நடக்க வேண்டும். நடைமுறையில் இது எங்கே தவறுகிறது என்றால், அங்கே உள்ள மேலாளர் தங்கள் கம்பெனி ஃபார்மில் ஒரு மெமோ கொடுத்து, "பெற்றுக்கொண்டேன், தவறை ஒப்புக்கொள்கிறேன்" என்று கையெழுத்து கேட்பார். பெற்றுக்கொண்டதற்கு மட்டும் கையெழுத்திடுங்கள், ஒப்புக்கொண்டதாக எழுதாதீர்கள், நகலை அன்றே உங்கள் எச்.ஆருக்கு அனுப்புங்கள். புகார் நீங்கள் கொடுப்பதாக இருந்தாலும், அதுவும் பாலியல் தொல்லை மாதிரியான விஷயமாக இருந்தால், இரண்டு கம்பெனிக்கும் கொடுங்கள். குற்றம் சாட்டப்பட்டவர் மீது நடவடிக்கை எடுக்க அவருடைய முதலாளியால்தான் முடியும், உங்களை உடனே அங்கிருந்து விலக்கிப் பாதுகாக்க உங்கள் முதலாளியால்தான் முடியும்.

ஆறாவது: மெல்ல மெல்ல முதலாளி மாறிவிடாமல் பாருங்கள்

ஒன்பது மாதம் பதினெட்டாகும், பதினெட்டு மூன்று வருடமாகும். சம்பளம் அங்கிருந்து நேராக வரத் தொடங்கும், அப்ரைசல் அங்கேயே நடக்கும், பழைய மேலாளர் வேலையை விட்டுப் போயிருப்பார். ஒருநாள் தகராறு வந்தால் இரண்டு பேரும் "இவர் எங்கள் ஆள் இல்லை" என்பார்கள். நீதிமன்றங்கள் காகிதத்தில் உள்ள பெயரோடு நிற்பதில்லை, நடப்பு மொத்தத்தையும் பார்க்கின்றன. இந்திய உச்ச நீதிமன்றம் 2022இல் ஒரு வரி வழக்கில் இதைச் செய்தது. வெளிநாட்டுக் குழும நிறுவனத்திலிருந்து வந்தவர்களின் அன்றாடக் கட்டுப்பாடு இந்திய நிறுவனத்திடம் இருந்தது, இருந்தும் அவர்கள் அந்த வெளிநாட்டு நிறுவனத்தின் ஊழியர்களாகவே தொடர்ந்தார்கள், காலம் முடிந்ததும் அங்கேயே திரும்புகிறார்கள் என்பதை எடைபோட்டு, அவர்களின் முதலாளி வெளிநாட்டு நிறுவனமே என்றது. நாடு தாண்டிப் போகிறவர்களுக்கு நாட்கணக்கும் சேர்ந்துகொள்ளும். பல இரட்டை வரி ஒப்பந்தங்களில் 183 நாள் என்ற எல்லை முக்கியம், ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் சமூகக் காப்பீட்டைச் சொந்த நாட்டிலேயே தொடர வழக்கமான எல்லை 24 மாதம். நீட்டிப்புக் கடிதம் வரும்போதெல்லாம் இந்த எண்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

நீட்டிப்பு ஒவ்வொன்றும் எழுத்தில், முடியும் தேதியோடு, அனுப்பும் நிறுவனத்தின் கையெழுத்தோடு இருக்க வேண்டும். வருடத்துக்கு ஒரு முறையாவது அப்ரைசலில் அனுப்பும் நிறுவனத்தின் ஆள் ஒருவர் உட்கார வேண்டும். பழைய இடத்தில் ஆட்குறைப்பு நடந்தால் உங்களுக்கும் தகவல் தர வேண்டும் என்பதைக் கடிதத்திலேயே சேருங்கள். கண்ணில் படாதவர் பெயர்தான் அந்தப் பட்டியலில் முதலில் போகிறது.

கிளம்பும் முன் அனுப்ப வேண்டிய மெயில்

இதை அப்படியே எடுத்து உங்கள் விவரத்தைப் போட்டு அனுப்பலாம்:

"வணக்கம். டெபுடேஷன் கடிதம் கிடைத்தது. கையெழுத்திடும் முன் கீழ்க்கண்டவற்றை எழுத்தில் உறுதிசெய்யக் கேட்டுக்கொள்கிறேன். என் பணி ஒப்பந்தமும் சேவைக் காலமும் இடைவெளியில்லாமல் தொடர்கின்றனவா? வாரம் 40 மணிக்கு மேல் வேலைக்கு ஓவர்டைம் யார் விதிப்படி, நேரக் கணக்கை யார் அனுப்புவார்? கட்டாய லீவு என் கணக்கில் கழியுமா? விபத்துக் காப்பீட்டில் புதிய வேலையிடம் சேர்க்கப்பட்டதா? அங்கே நான் செய்யும் வேலையால் வரும் கோரிக்கைகளிலிருந்து எனக்குப் பாதுகாப்பு உண்டா? ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் யாரிடம்? முடியும் தேதி என்ன, அதற்கு முன்பே முடிக்கப்பட்டால் எந்தப் பதவிக்குத் திரும்புவேன்?"

கடைசிக் கேள்விக்கு "தகுந்த பதவி" என்று பதில் வந்தால் விடாதீர்கள். "இப்போதுள்ள பதவி, அது இல்லையென்றால் அதே நிலை, அதே சம்பளத்துக்குக் குறையாத பதவி" என்று எழுதச் சொல்லுங்கள். 'தகுந்த' என்பதற்கு நாளை யார் வேண்டுமானாலும் அர்த்தம் சொல்லலாம்.

திரும்பி வரும் வாரத்தில் மூன்று காகிதம் வாங்கிக்கொண்டு வாருங்கள்: ஏற்கும் நிறுவனத்திடமிருந்து விடுவிப்புக் கடிதம், மாதவாரி நேரக் கணக்கும் மீதி லீவும் உள்ள ஒரு பட்டியல், நீங்கள் ஒப்படைத்த லேப்டாப், அடையாள அட்டை, கோப்புகளுக்கு ரசீது. அங்கே பார்த்த தகவல் அங்கேயே இருக்கட்டும், ஒரே குழுமம் என்றாலும் அது வேறு கம்பெனியின் சொத்து. பழைய மேசைக்குத் திரும்பிய முதல் நாளே அந்த லீவுப் பட்டியலை எச்.ஆரிடம் கொடுத்து, சிஸ்டத்தில் ஏறிவிட்டதா என்று நேரில் பார்த்துவிடுங்கள்.